வராத கடனிலிருந்து பிறந்த டிவிடெண்ட்

மொரீஷியஸில் போர்ட் லூயிசிலும் ரோஸ்ஹில்லிலும் குடும்பக் கம்பெனிகளின் கணக்குகளைப் பார்த்துவரும் எனக்கு, ஜூன் மாதம் கணக்கு முடிந்ததும் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "பேங்கில் பதினெட்டு லட்சம் இருக்கிறதே, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா?" பேங்கில் இருக்கும் பணம் வேறு, லாபம் வேறு. அந்தப் பணம் கடன் வாங்கியதாக இருக்கலாம், பங்குதாரர்கள் போட்ட முதலாகவும் இருக்கலாம். மொரீஷியஸின் 2001 கம்பெனிச் சட்டப்படி, முந்தைய ஆண்டுகளின் நஷ்டத்தை ஈடுகட்டிய பிறகு மிஞ்சும் லாபத்திலிருந்து மட்டுமே டிவிடெண்ட் கொடுக்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கம்பெனி கற்பனைதான், ஆனால் கணக்கின் போக்கு நான் பலமுறை பார்த்தது. திருப்பூரிலிருந்து துணி இறக்கி விற்கும் கம்பெனி. அண்ணன், தம்பி, அவர்களுடைய அத்தை என மூன்று பேருக்கும் சம பங்கு. சகோதரர்கள் இருவர் மட்டுமே இயக்குநர்கள். போட்ட முதல் 50 லட்சம் ரூபாய். ஆண்டு முடிவில் பேங்கில் 18 லட்சம், சரக்கு 30 லட்சம், கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டியது 22 லட்சம், ஆக 70 லட்சம். கொடுக்கவேண்டிய கடன் 14 லட்சம். அதைக் கழித்தால் 56 லட்சம், முதலையும் கழித்தால் மீதி 6 லட்சம். தலைக்கு 2 லட்சம் என்று டிவிடெண்ட் போட்டார்கள்.

வரவேண்டிய அந்த 22 லட்சத்தில்தான் கோளாறு. அதில் 10 லட்சம், இரண்டு வருடத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிட்ட ஒரு கடையின் பாக்கி. அந்தக் கடைக்காரர் ஊரையே விட்டுப் போய்விட்டது சகோதரர்களுக்கும் தெரியும். ஆனாலும் கணக்கில் அந்தத் தொகை சொத்தாகவே உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதித் தள்ளினால் 56 லட்சம் 46 ஆகிவிடும். அதாவது 6 லட்சம் லாபம் இருந்த இடத்தில் 4 லட்சம் நஷ்டம். பங்கு போட்ட 6 லட்சமும் போட்ட முதல் பணத்திலிருந்துதான் போயிருக்கிறது.

சட்டம் முதலைத் தொடவிடாததற்குக் காரணம் சரக்கைக் கடனுக்கு அனுப்பும் வியாபாரிதான். கம்பெனி முழுகினால் பங்குதாரரின் வீட்டையோ நிலத்தையோ அவர் கேட்கமுடியாது. கம்பெனிக்குள் இருக்கும் சொத்துதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே பிடிமானம். வியாபாரத்தில் நஷ்டம் வந்து முதல் கரைவதை அவர் ஏற்றுக்கொண்டே கடன் தருகிறார். அதை முதலாளிகளே சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வதை அவர் ஏற்கவில்லை.

இதே கதை இங்கிலாந்தில் 1882-லேயே நீதிமன்றம் ஏறியது. பிளிட்கிராப்ட் வழக்கு என்பார்கள். ஒரு பேங்கிங் கம்பெனியின் இயக்குநர்கள், வராது என்று தெரிந்த கடன்களையும் நல்ல சொத்தாகக் காட்டி, வருடக்கணக்கில் டிவிடெண்ட் கொடுத்துவந்தார்கள். பங்குதாரர் கூட்டம்தானே ஒப்புக்கொண்டது என்ற வாதம் எடுபடவில்லை. கூட்டமே கூடிச் சொன்னாலும் முதலைப் பங்கிட முடியாது, பணத்தை இயக்குநர்கள் திருப்பிக் கட்டவேண்டும் என்று தீர்ப்பானது.

மொரீஷியஸ் சட்டத்தில் லாபம் இருந்தால் மட்டும் போதாது, இன்னொரு சோதனையும் உண்டு. டிவிடெண்ட் கொடுத்த பிறகும் கம்பெனி தன் கடன்களை அந்தந்தத் தவணையில் அடைக்க முடியவேண்டும். சொத்தின் மதிப்பு, கடனும் முதலும் சேர்ந்த தொகையைவிட அதிகமாக இருக்கவேண்டும். ஆதரித்து ஓட்டுப் போட்ட இயக்குநர்கள் இதை உறுதிசெய்து சான்றிதழில் கையெழுத்திடவேண்டும். கணக்காளர் சொன்னதை நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால் இயக்குநருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். கடை மூடியது தெரிந்தும் கையெழுத்துப் போட்டவருக்கு அது கிடைக்காது.

அடுத்த வருடம் கம்பெனி நொடித்து, அதன் சொத்தைத் திரட்டிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க லிக்விடேட்டர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சகோதரர்கள் வாங்கிய தலா 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்பார். அத்தையின் கதை வேறு. அவருக்குக் கணக்கு எதுவும் தெரியாது, வந்த பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். ஒன்றும் அறியாமல் வாங்கி, அதை நம்பிச் செலவும் செய்துவிட்டவரிடம் திருப்பிக் கேட்பது நியாயமில்லை என்றால், சட்டம் அவரை விட்டுவிடுகிறது. ஆனால் அந்த 2 லட்சம் அப்படியே மறைந்துவிடாது. பங்குதாரரிடமிருந்து வசூலிக்க முடியாத தொகை இயக்குநர்கள் தலையில் விழும். ஆக, கையில் வாங்கியது 4 லட்சம், சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டியது 6 லட்சம்.

கடல் தாண்டி, பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டம் இதைவிடக் கடுமையானது. கணக்கை மோசடியாகக் காட்டி இல்லாத லாபத்தைப் பங்கிட்டால் 5 ஆண்டு வரை சிறை, 375,000 யூரோ வரை அபராதம். தென்னாப்பிரிக்கா நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. அங்கே 2008 சட்டத்தில் லாபம் என்ற நிபந்தனையே இல்லை. அடுத்த 12 மாதம் கடன்களை அடைக்க முடியுமா, சொத்து கடனுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். வராத கடனைச் சொத்தாக எழுதிவைத்தால் அந்தச் சோதனையும் பொய்யாகத்தான் முடியும்.

அதனால் டிவிடெண்ட் பேச்சு எடுத்தாலே நான் முதலில் கேட்பது பேங்க் இருப்பை அல்ல, பாக்கிக்காரர் பட்டியலை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாகப் பணம் கட்டிய தேதியை எழுதச் சொல்வேன். ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் கட்டாத பெயர்களைத் தனியே கூட்டி, காட்டியிருக்கும் லாபத்தின் பக்கத்தில் வைப்பேன். பாக்கி லாபத்தைவிடப் பெரிதாக இருந்தால் சான்றிதழை மேசையிலிருந்து எடுத்துவிடுவேன்.