சிம்மில் இருந்து அணைக்கும்போது தீ ஏன் பெரிதாகிறது? முதல்முறை தனியாகச் சமைக்கப்போகும் உனக்கு

வீட்டில் யாரும் இல்லை, பசிக்கிறது, டப்பாவில் ரவை இருக்கிறது. சரி, உப்புமா செய்யலாம். உப்புமா பிடிக்காது என்று முகத்தைச் சுளிக்காதே. கேஸ் அடுப்பில் ஒருவர் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் முக்கால்வாசி இந்த ஒரு பண்டத்துக்குள்ளேயே வந்துவிடும், அதுவும் கால் மணி நேரத்தில்.

முதலில் அடுப்பு. சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. அழுத்தத்தில் அது திரவமாக இருக்கிறது, வெளியே வரும்போது வாயுவாகிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை. அதனால் கசிந்தால் புகைபோல மேலே போகாது, கொட்டிய தண்ணீர் மாதிரி தரையில் பரவி, மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்கேப்டன் என்ற, அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி நாறும் பொருளைக் கொஞ்சம் கலந்து அனுப்புகிறார்கள்.

ஆக, விதி ஒன்றுதான்: கேஸ் எரிந்துகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியிருக்க வேண்டும். எரியாமல் வெளியே வந்துகொண்டிருக்கிற மூன்றாவது நிலைதான் ஆபத்து, கீழே சொல்லப்போகிற எச்சரிக்கைகளில் பாதி அந்த மூன்றாவது நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

சமையலறைக்குள் போனதும் ஜன்னலைத் திற. மின்விசிறி ஓடினால் நிறுத்து, அதன் காற்று சிம்மில் எரிகிற சின்னத் தீயை நீ பார்க்காதபோது அணைத்துவிடும். நைலான் துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை இதெல்லாம் வேண்டாம், முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொள். அப்புறம் எல்லாவற்றையும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே எடுத்து மேடையில் வைத்துவிடு: அரை டம்ளர் ரவை, அதே டம்ளரில் ஒன்றேகால் டம்ளர் தண்ணீர், மூன்று டீஸ்பூன் எண்ணெய், கடுகு அரை டீஸ்பூன், உளுத்தம்பருப்பு ஒரு டீஸ்பூன், நறுக்கிய பாதி வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு அரை டீஸ்பூன். பாதியில் உப்பு டப்பாவைத் தேடப் போகிற நேரத்தில்தான் பருப்பு கருகும்.

பச்சை மிளகாயைக் கீறிப் போடு, முழுசாகப் போடாதே. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியேற வழி இல்லாமல் வெடித்து எண்ணெயோடு முகத்தில் தெறிக்கும். கறிவேப்பிலையைக் கழுவினால் துணியால் ஈரம் ஒற்றிவிடு. காரணம் கொஞ்ச நேரத்தில் வருகிறது.

இப்போது பற்றவைப்பது. ரெகுலேட்டர் ஆன் நிலையில் இருக்கிறதா பார். லைட்டரை முதலில் பர்னர் பக்கத்தில் கொண்டுபோ, அதற்குப் பிறகுதான் நாப்பை அழுத்தித் திருப்பு, உடனே லைட்டரைத் தட்டு. நாப்பைத் திறந்துவிட்டு லைட்டர் எங்கே என்று தேடினால், அதற்குள் சேர்ந்த வாயு முழுவதும் ஒரே நேரத்தில் பற்றி 'புஸ்' என்று எழும்பும், புருவம் பொசுங்கும். மூன்று நான்கு தட்டலில் பற்றவில்லையா, நாப்பை மூடு, ஒரு நிமிடம் காத்திரு, பிறகு மறுபடி முயற்சி செய். மூடாமல் தட்டிக்கொண்டே இருப்பதுதான் நிறைய பேர் செய்கிற தவறு.

நம் ஊர் அடுப்புகளில் நாப் ஒரு விசித்திரமான வரிசையில் இயங்கும், யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை. மூடிய நிலையில் இருந்து திருப்பினால் முதலில் வருவது முழுத் தீ. இன்னும் அதே பக்கம் திருப்பினால்தான் சிம். பற்றவைக்கும்போது கேஸ் தாராளமாக வந்து சட்டென்று பிடிக்க வேண்டும் என்பதால் முழுத் தீயை முதலில் வைத்திருக்கிறார்கள். இதன் மறுபக்கம் என்னவென்றால், சிம்மில் இருக்கும் அடுப்பை அணைக்கத் திருப்பும்போது வழியில் முழுத் தீ வரும், குபீரென்று பெரிதாகும். அதைப் பார்த்து 'ஐயோ, தப்பான பக்கம் திருப்பிவிட்டேன்' என்று கையை எடுக்காதே, நிற்காமல் திருப்பிக்கொண்டே போ, தீ அணையும், நாப் டக்கென்று உட்காரும். உட்கார்ந்ததா என்று கையால் தொட்டு உறுதி செய்.

தீயின் நிறத்தையும் பார். சின்ன துளை வழியாக வேகமாக வரும் கேஸ், பர்னருக்குக் கீழே உள்ள இடைவெளியில் இருந்து காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கலந்து போகிறது. கலப்பு சரியாக இருந்தால் நீலமாக, கூர்மையாக எரியும். காற்று போதவில்லை என்றால் எரியாத கரித்துகள்கள் சூடாகி மஞ்சளாக ஒளிரும், பாத்திரத்தின் அடி கருப்பாகும், கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக வரும். தீ முழுவதும் எப்போதும் மஞ்சளாகவே இருந்தால் அன்றைக்கு அந்த பர்னரைப் பயன்படுத்தாதே, பெரியவர்களிடம் சொல். ஆனால் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் ஒரு கணம் மஞ்சள் பளிச்சிடும், அது சோடியம், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

கடாயை வை, மிதமான தீ, ரவையை எண்ணெய் இல்லாமல் நான்கைந்து நிமிடம் வறு. நிறம் மாற வேண்டாம், மணம் வந்தால் போதும். தட்டில் கொட்டிவிடு. அதே கடாயில் எண்ணெய், ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார், அது பொரிந்தால் மீதியையும் போடு. கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது, அந்தச் சத்தம்தான் பொரியும் சத்தம். எண்ணெய் காய்ந்ததைக் காட்டும் வெப்பமானி என்று கடுகை வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் நீ தாமதித்துவிட்டாய், தீயை அணைத்து ஆறவிடு.

இங்கேதான் ஈரத்தின் கதை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், தாளிக்கும் எண்ணெய் அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். ஒரு சொட்டு தண்ணீர் எண்ணெயில் விழுந்தால், எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் போய், அங்கேயே ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு பெருகும். மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி எறியாமல் அது வெளியே வர முடியாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான், ஊற்றினால் எரிகிற எண்ணெய் கூரை வரை பறக்கும். நாப் கைக்கு எட்டினால் அடுப்பை மூடு, ஒரு தட்டையான மூடியைப் பக்கவாட்டில் இருந்து நகர்த்திக் கடாயை மூடு, காற்று கிடைக்காமல் அணையும். கடாயைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, முழுவதும் ஆறும்வரை மூடியைத் திறக்கவும் செய்யாதே. மூட முடியாத அளவுக்குத் தீ பெரிதாகிவிட்டால் வீட்டை விட்டு வெளியேறி 101-ஐ அழை.

கடுகு பொரிந்ததும் சிம்முக்கு வந்து உளுத்தம்பருப்பு, சிவந்ததும் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, அது ஆவியாகிப் போகும்வரை கடாயின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனபின் தண்ணீர் ஊற்றினால் அவ்வளவாகச் சீறாது. வெறும் தாளிப்பின் மேல் நேராக ஊற்றினால் சீறும். ஊற்றும்போது தீ சிம்மில் இருக்கட்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கடாயின் ஓரமாக ஊற்று. உப்பு போடு, ஒரு துளி ஆறவைத்து ருசி பார், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக உப்புக் கரித்தால்தான் ரவை சேர்ந்தபின் சரியாக இருக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறு. மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகும். ரவைக் குவியலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மாவுச்சத்து சூடான தண்ணீரை உறிஞ்சி உடனே பசையாகிவிடும், அந்தப் பசை உள்ளே தண்ணீரை விடாது, உடைத்துப் பார்த்தால் நடுவில் காய்ந்த ரவை. முதலில் வறுத்தது இதற்குத்தான், வறுத்த ரவை அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளாது.

கெட்டியாகும் நேரம் சற்று கவனம். ஆவிக் குமிழி கூழுக்குள் சிக்கி, 'ப்ளக்' என்று வெடித்துத் தெறிக்கும். சூடான கூழ் தண்ணீர்போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். நீளமான கரண்டி வைத்துக்கொள். தெறித்தால் குழாய்த் தண்ணீரைச் சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடவிடு. பற்பசை, ஐஸ், மாவு எதுவும் வேண்டாம். பெரிதாகக் கொப்பளித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மூடி வைத்து சிம்மில் மூன்று நிமிடம், அவ்வளவுதான் உப்புமா. மூடியை உன் பக்கம் தூக்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்துத் திற, ஆவி அந்தப் பக்கம் போகட்டும்.

இந்த மூன்று நிமிடத்தில் அறைக்குப் போய் போனைப் பார்க்காதே. பால் வைத்தாலும் சோறு வைத்தாலும் இதேதான், பொங்கி வழிந்து பர்னரில் விழுந்தால் தீ அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் கருவி நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான சாதாரண அடுப்புகளில் கிடையாது. அந்த மூன்றாவது நிலை பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

சாப்பிடப் போகும் முன் பர்னர் நாப், அப்புறம் சிலிண்டர் ரெகுலேட்டர், இரண்டையும் மூடு.

நாற்றம் வந்தால்? மூக்கு சில நிமிடத்தில் அதற்குப் பழகிவிடும், 'இப்போது வரவில்லையே' என்று நினைக்கத் தோன்றும், முதலில் வந்த நாற்றத்தையே நம்பு. நாப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போ. நாற்றம் பலமாக இருந்தால் மூடுவதற்குக்கூட நிற்க வேண்டாம், முதலில் வெளியே. விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் உள்ளே ஒரு பொறி உண்டாகும். கசிவு எங்கே என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிடு, போனை வாசலுக்கு வெளியே போனபின் எடு. கேஸ் கசிவுக்கு அவசர எண் 1906, 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்த எண்ணை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டாமல், வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டிவை.