பிரேசில்ல இல்லாத பணத்துல விலை எழுதி வச்ச கதை

பணம் மூணு வேலை செய்யுது. ஒண்ணு, கைமாறுறதுக்கு, அதாவது கொடுத்து வாங்குறதுக்கு. ரெண்டு, எது என்ன விலைன்னு சொல்ற அளவுகோல். மூணு, இன்னைக்கு சம்பாதிச்சத நாளைக்குனு எடுத்து வைக்குறது. மூணும் ஒரே நோட்டுக்குள்ள இருக்குறதால நமக்கு தனித்தனியா தெரியுறதே இல்ல. விலைவாசி கண்டபடி ஏறும்போதுதான் இது ஒவ்வொண்ணா கழண்டு வரும், அத தெளிவா பாக்கணும்னா 1990கள்ல பிரேசில பாக்கணும்.

1994 ஜூன்ல அங்க பணவீக்கம் மாசத்துக்கு 47% கிட்ட, வருஷத்துக்கு இல்ல, மாசத்துக்கு. கணக்கு சுலபமா இருக்க 40%னே வச்சுக்குவோம். ஒருத்தருக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வருது, அதுல 100 மூட்டை அரிசி வாங்கலாம்னா, அதே காச செலவு பண்ணாம மாசக் கடைசி வரைக்கும் வச்சிருந்தா 71 மூட்டைதான் வரும். ஒரு நாளைக்கு ஒரு சதவீதத்துக்கு மேல கரையுது. அதனால சம்பளம் வந்த அன்னைக்கே ஜனங்க சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடி மொத்த மாசத்துக்கும் சாமான் வாங்கிப் போட்டாங்க. பேங்க் கணக்கு இருக்குறவங்க தினமும் வட்டி சேருற கணக்குல போட்டு ஓரளவு தப்பிச்சாங்க, கணக்கே இல்லாத ஏழைங்க கையில நோட்டா வச்சிருந்தாங்க, முழு அடியும் அவங்களுக்குத்தான். எனக்கு இதுல ரொம்ப வலிக்கிற விஷயம் இதுதான். சேமிப்புங்குற வேலை முதல்ல போச்சு.

அடுத்தது அளவுகோல். கடையில ஆளுங்க கையில லேபிள் மெஷினோட சுத்தி பழைய விலை மேல புது விலைய ஒட்டிட்டே இருப்பாங்க. இதுல உண்மையான பிரச்சனை விலை ஏறுறது மட்டும் இல்ல, எல்லா விலையும் ஒரே நாள்ல ஏறாது, இந்தக் கடையில நேத்து மாத்தினான், அந்தக் கடையில நாளைக்கு மாத்துவான், அப்போ எந்தக் கடை மலிவுன்னு சொல்லவே முடியாது. போன மாச விலை ஞாபகம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வியாபாரிக்கும் தன்னோட லாபம் உண்மையா இல்ல வெறும் எண்ணான்னு தெரியாது. வாடகை, சம்பளம், கடன் எல்லாத்தையும் பணவீக்கக் குறியீட்டோட கட்டி வச்சாங்க, ஆனா அதுவே போன மாச ஏத்தத்த இந்த மாசத்துக்கு தூக்கிட்டு வந்துச்சு.

ஆனா மீதி இருந்த வேலை, கைமாறுறது, கடைசி வரைக்கும் ஓரளவு ஓடுச்சு. நோட்ட யாரும் வேண்டாம்னு சொல்லல, வாங்கின உடனே தள்ளி விட்டாங்க, அவ்வளவுதான். ஜிம்பாப்வே மாதிரி இன்னும் முத்திப் போனா கடைக்காரரே நோட்ட வாங்க மறுத்து டாலர் கேப்பாரு, அங்க 2009ல சொந்தப் பணத்தையே கைவிட வேண்டியதாச்சு.

பணத்தோட வேலைங்க இப்படி தனித்தனியா பிரியுறதத்தான் பிரேசில் பொருளாதார நிபுணர்கள் பயன்படுத்திக்கிட்டாங்க. பெர்சியோ அரிடா, ஆந்த்ரே லாரா ரெசென்டே ரெண்டு பேரும் 1984லயே எழுதின யோசனை. அதுக்கு நடுவுல 1986ல அரசாங்கம் விலைய சட்டம் போட்டு நிறுத்திப் பாத்துச்சு, சரக்கு கடையிலருந்து காணாம போச்சு, கட்டுப்பாடு தளர்ந்ததும் விலை மறுபடி எகிறுச்சு. 1994 மார்ச் 1ல பெர்னாண்டோ என்ரிக் கார்டோசோ நிதி மந்திரியா இருந்தப்போ அந்தப் பழைய யோசனைய கையில எடுத்தாங்க. யூஆர்வின்னு ஒரு அலகு, நோட்டு கிடையாது, காசு கிடையாது, அளவுகோல் மட்டும். டாலரோட ஏறக்குறைய சமமா வச்சு, ஒரு யூஆர்விக்கு இன்னைக்கு அப்போ புழக்கத்துல இருந்த பணமான க்ருசெய்ரோ ரியல் எத்தனன்னு மத்திய வங்கி தினமும் அறிவிக்கும்.

முதல் நாள் 647.50. ஒரு யூஆர்வி விலையுள்ள சாமானுக்கு அன்னைக்கு 647.50 கொடுத்தீங்க, ஜூன் 30ல 2,750 கொடுத்தீங்க, நோட்டுல நாலு மடங்குக்கு மேல ஏறிடுச்சு, ஆனா யூஆர்வில அதே ஒண்ணுதான். சம்பளங்கள கடைசி நாலு மாச சராசரி மதிப்புக்கு மாத்தினாங்க, உச்சத்துல மாத்தியிருந்தா பழைய ஓட்டம் புதுப் பணத்துலயும் தொடர்ந்திருக்கும்.

ஜூலை 1ல ஒரு யூஆர்வி, ரெயால்ங்குற புதுப் பணத்துல ஒண்ணு ஆச்சு, அப்போதான் நோட்டு கைக்கு வந்துச்சு. அந்த மாசம் பணவீக்கம் 7%க்குள்ள. அலகு மட்டும் இத செய்யல, செலவுக் குறைப்பு, ரொம்ப உசந்த வட்டி, டாலர் கையிருப்பு, இறக்குமதிய திறந்து விட்டது எல்லாம் கூடவே இருந்துச்சு, அதெல்லாம் இல்லன்னா ரெயாலும் இன்னொரு க்ருசெய்ரோவா ஆகியிருக்கும்.

அளவுகோல் மார்ச்ல திரும்புச்சு, கைமாறுறது ஜூலைல அதோட சேந்துச்சு. சேமிப்புதான் மெதுவா வந்துச்சு: 1995 முழுசுக்கும் 22% பணவீக்கம், 1998லதான் அது 2%க்கு கீழ போச்சு.