‘Save’ அழுத்தியதும் வேலை முடிந்ததாக ஏன் தோன்றுகிறது?

“எங்கள் அலுவலகத்தில் பயணச் செலவு பில் போடுவதற்குத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதிகம் பழகாதவர்களுக்காகப் பதினான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் பலருடைய பில் மேலாளரிடம் போய்ச் சேரவே இல்லை. பில்லை ஏற்றுகிறார்கள், ‘Save’ அழுத்துகிறார்கள், மூடிவிடுகிறார்கள். ‘Submit’ அழுத்துவதில்லை. மறக்காமல் Submit செய்யவும் என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். இன்னும் எப்படித்தான் சொல்வது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கையேட்டைப் படித்தவர்களின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மனித நினைவு வேலை செய்யும் விதமே அப்படி. அது தெரிந்துவிட்டால், எந்த வரியை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்று. கையேட்டை யாரும் கதைபோல முதலிலிருந்து படிப்பதில்லை. வேலையை ஆரம்பித்துவிட்டு, மாட்டிக்கொண்ட இடத்தில்தான் திறக்கிறார்கள். திறந்ததும் தேடுவது தங்கள் வாயில் வரும் சொல்லை. மெனுவில் ‘Expense Reconciliation’ என்று இருக்கலாம். கணக்குப் பிரிவில் அதை ‘செட்டில்மென்ட்’ என்பார்கள், வெளியே அலைந்து விற்பவர்கள் ‘பில் போடுறது’ என்பார்கள். 1987இல் ஜார்ஜ் ஃபர்னஸும் மூன்று சக ஆய்வாளர்களும் இதை அளந்தே பார்த்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஆகவே தலைப்புகளை நாமாக யோசித்து வைக்கக் கூடாது. உதவி கேட்டு வந்த கடைசி இருபது, முப்பது மின்னஞ்சல்களை எடுத்து, அவர்கள் எழுதிய சொற்களையே தலைப்பாக்க வேண்டும். மெனுவில் உள்ள பெயர் அதன் கீழே வரட்டும்.

இரண்டாவது, கண்ணின் பயணம். படிப்பவர் கையேட்டில் ஒரு வரியைப் பார்த்து, அதை மனதில் ஏந்திக்கொண்டு திரைக்குப் போய், செய்துவிட்டுத் திரும்பி வருகிறார். ஏந்தும் கை மிகச் சிறியது. புதிய விஷயங்களில் ஒரே சமயத்தில் ஏறக்குறைய நான்கைத்தான் அது தாங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். அதனால் ஒரு படிக்கு ஒரு செயல் போதும். எங்கே பார்ப்பது, எதை அழுத்துவது, என்ன தெரியும் என்ற வரிசையில் சொன்னால் போதும். நிபந்தனை இருந்தால் அது முன்னால் வர வேண்டும். “Upload அழுத்துங்கள். பில் இரண்டு பக்கமாக இருந்தால் முதலில் ஒரே PDF ஆக்கிக்கொள்ளுங்கள்” என்று எழுதினால், இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் விரல் அழுத்தி முடித்திருக்கும். “பில் இரண்டு பக்கமாக இருந்தால், இரண்டையும் ஒரே PDF ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு Upload அழுத்துங்கள்” என்பதே சரி.

இனி Submit விஷயத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பணம் எடுக்கும் ஏடிஎம்மை நினைத்துப் பாருங்கள். பழைய இயந்திரங்கள் பல முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கார்டைப் பிறகு தந்தன. பணம் கைக்கு வந்ததும் மக்கள் கார்டை விட்டுவிட்டுப் போனார்கள். வந்த காரியம் பணம்; அது கிடைத்துவிட்டது. காரியம் கைகூடியதும், அதற்காக மனம் பிடித்துவைத்திருந்த மிச்சம் மீதி எல்லாம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. கார்டு முதலில், பணம் பிறகு என்று வரிசையை மாற்றியதும் அந்த மறதிக்கு இடமில்லாமல் போயிற்று. மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் இந்தப் பிழையைச் சோதனைக்கூடத்தில் வரவழைத்துக் காட்டினார்கள். மனதில் வேறு சுமை ஏறும்போதுதான் அது அதிகமாக வந்தது. படி தெரியாததால் வரும் தவறு அல்ல அது. அதே ஆள் நேற்று சரியாகச் செய்திருப்பார்.

பில் திரையிலும் நடப்பது இதுவே. ‘பில்லை ஏற்ற வேண்டும்’ என்ற எண்ணத்தோடு ஒருவர் உட்காருகிறார். ஏற்றுகிறார், Save அழுத்துகிறார், பச்சை நிறத்தில் ‘Saved successfully’ என்று வருகிறது. அவர் மனக்கணக்கில் காரியம் முடிந்தது. Submit என்பது முடிந்த காரியத்துக்குப் பின்னால் தொங்கும் வால். பக்கத்தில் தொலைபேசி அடித்தால் போதும், வால் அறுந்துவிடும்.

முதல் பக்கத்தின் தடித்த எழுத்து ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரியும். இதே பிழையை வைத்துப் பின்னர் நடந்த சோதனைகளில், முன்கூட்டியே காட்டிய நினைவூட்டல் பலன் தரவில்லை. விடுபடும் படி வரும் அந்த நேரத்தில், அதையே சுட்டிக்காட்டி, கண்ணில் அறைவதுபோல் நின்ற அடையாளம்தான் பலித்தது. எச்சரிக்கையைப் பெரிதாகப் போட்டால் நினைவில் நிற்கும் என்பது அலுவலகங்களில் ஊறிப்போன ஒரு மூடநம்பிக்கை. எழுத்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை, அது இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

வாசகரின் கையேட்டில் அந்த இடம் இப்படி இருந்ததாம்: “5. Save அழுத்தவும். பில் சேமிக்கப்படும். 6. Submit அழுத்தவும்.” தலைப்பு, ‘பில் ஏற்றும் முறை’. இங்கே மூன்றை மாற்றலாம். தலைப்பு சொல்வதைத்தான் மனம் இலக்காக எடுத்துக்கொள்ளும் என்பதால், அதை ‘பில்லை மேலாளருக்கு அனுப்புவது’ என்று வைக்க வேண்டும். அப்போது Save இலக்கைத் தொடாது, Submit தான் தொடும். அடுத்து, Save தனிப் படியாக நின்று ஒரு முடிவைப்போலத் தோன்றக் கூடாது. மூன்றாவது, உண்மையான முடிவின் அடையாளத்தைக் காட்ட வேண்டும். எழுதிப் பார்த்தால்:

“5. Save அழுத்துங்கள். பச்சை நிறத்தில் செய்தி வரும். பில் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. உடனே Save பொத்தானின் வலப்பக்கத்தில் உள்ள Submit அழுத்துங்கள். திரையின் மேலே Draft என்பது Submitted என்று மாறினால் பில் மேலாளரிடம் போய்விட்டது.”

ஒரே படியில் இரண்டு செயல் வருகிறதே என்று கேட்கலாம். விதியை இங்கே தெரிந்தேதான் மீறுகிறோம். இரண்டுக்கும் நடுவே கண் கையேட்டுக்குத் திரும்பினால், அந்த இடைவெளியில்தான் ஆள் எழுந்து போகிறார்.

இந்தப் படிக்குத் திரையின் படம் ஒன்று போதும். முழுத் திரையையும் சுருக்கிப் போட்டால் எழுத்து தெரியாது. Save, Submit, மேலே உள்ள Draft மூன்றும் விழும்படி வெட்டிப் போடுங்கள்.

எழுதியதைச் சரிபார்க்க, அந்த சாஃப்ட்வேரைத் தொடாத ஒருவரை உட்காரவைத்து, அவருடைய உண்மையான பில்லையே போடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். ஒரே வரிக்குக் கண் இரண்டு, மூன்று முறை திரும்பி வந்தால் அந்த வரியில் சுமை அதிகம், பிரித்து எழுதுங்கள். விரல் திரையில் தேடி அலைந்தால் ‘எங்கே’ என்பது விடுபட்டிருக்கிறது. ஆனால் Submit மறதி இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது யாரும் அவசரத்தில் எழுந்து போவதில்லை.

அதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது. சாஃப்ட்வேரைப் பராமரிப்பவரிடம், இரண்டு நாளுக்கு மேல் Draft நிலையிலேயே கிடக்கும் பில்கள் எத்தனை என்று கேளுங்கள். புதிய கையேடு கொடுப்பதற்கு முந்தைய மாதம், பிந்தைய மாதம் இரண்டையும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் வரி வேலை செய்கிறது. குறையாவிட்டால் கோளாறு திரையில் இருக்கிறது. கையேட்டையே திறக்காமல் பில் போடுகிறவர்களைத் திரைதான் தடுத்து நிறுத்த வேண்டும். அந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு மென்பொருள் எழுதியவர்களிடம் போய், பச்சைச் செய்தியில் ‘இன்னும் அனுப்பவில்லை’ என்ற சொற்களையும் அதன் உள்ளேயே Submit பொத்தானையும் வைக்கச் சொல்லுங்கள்.