நெல்லை வைத்துக் கடன் எடுக்கப் போகிறீர்களா? கையில் உள்ள துண்டை முதலில் வாசியுங்கள்

போன காலபோக அறுவடை முடிந்து இரண்டு கிழமையில் கிளிநொச்சிப் பக்கமிருந்து மாமா வெள்ளவத்தைக்கு வந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு இளஞ்சிவப்புத் துண்டு. விலை விழுந்திருந்தபடியால் நெல்லை விற்காமல் ஒரு தனியார் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, அந்தத் துண்டைக் காட்டிக் கொழும்பில் வங்கிக் கடன் எடுக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருந்தார். கோட்டையில் உள்ள ஒரு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி துண்டை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதில எத்தனை கிலோ எண்டு எங்க இருக்கு?"

இல்லை. மாமாவின் பெயர், லொறி இலக்கம், "60 மூட்டை" என்ற எழுத்து, அவ்வளவுதான். நிறையும் இல்லை, ஈரப்பதமும் இல்லை, நாடு நெல்லா சம்பா நெல்லா என்றும் இல்லை. நெல்லை இறக்கியதற்கு அது அத்தாட்சி. அதை வைத்து எந்த வங்கியும் காசு தராது.

வங்கி ஏற்கும் களஞ்சியப் பற்றுச்சீட்டு வேறு. நெல் வகை, கிலோவில் நிறை, ஈரப்பதம், கலப்பும் பதரும் எவ்வளவு, இறக்கிய திகதி, எவ்வளவு காலத்துக்கு வைக்கலாம், வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். களஞ்சியக்காரர் கையொப்பமிட்டு, அந்த நெல்லுக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றிருப்பார். நெல் தீப்பிடித்தாலோ நனைந்தாலோ யார் ஈடு தருவார் என்பதும் தெரிய வேண்டும், அதற்குக் காப்புறுதி இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. எல்லாக் களஞ்சியத்தின் சீட்டையும் எல்லா வங்கியும் ஏற்காது. ஆகவே நெல்லை ஏற்றும் முன்பே கடன் கேட்கப் போகும் வங்கிக் கிளைக்குப் போய், "எந்தக் களஞ்சியத்தின் சீட்டை நீங்கள் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். மாமா இதைத் தலைகீழாகச் செய்தார். இறக்கி ஏற்றிய கூலி அவர் தலையில்தான் விழுந்தது.

ஈரப்பதம்தான் ஆளைக் கவிழ்க்கும் இடம். சேமிக்கும் நெல் 14 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருக்கக் கூடாது. இயந்திரத்தால் வெட்டிய நெல் வயலில் இருந்து வரும்போது 20 சதவீதம்கூட இருக்கும். 20 சதவீத ஈரமுள்ள 1000 கிலோவை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 930 கிலோ. குறைந்த 70 கிலோ வெறும் தண்ணீர். ஆனால் "ஆயிரம் கிலோ குடுத்தனான், தொள்ளாயிரத்து முப்பது எண்டு எழுதிப்போட்டாங்கள்" என்று சண்டை பிடிக்கும் ஆட்கள் உண்டு. மறுபக்கம், நியாயமான கழிவுக்கு மேலே இன்னும் ஐம்பது கிலோ கழிக்கிற இடங்களும் உண்டு. அதனால் நிறுக்கும்போது கிட்ட நின்று, ஈரமானியின் எண்ணைக் கண்ணால் பாருங்கள். மூட்டையின் மேற்பக்கத்தில் மட்டும் எடுத்து அளந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, சீட்டு சரியாகவே இருக்கிறது. கடன் கிடைத்துவிடுமா? அங்கேதான் அலைச்சல் தொடங்குகிறது. காணி அப்பாவின் பெயரில், விதைக்கிறது மகன். உத்தரவுப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. குத்தகைக்குச் செய்கிறவரிடம் எழுத்தில் எதுவுமே இல்லை. கிளை "கமநல சேவை நிலையத்தில் கடிதம் எடுங்கோ" என்னும், அங்கே போனால் அலுவலர் வெளிக்களத்தில், கடிதத்தோடு திரும்பினால் "இது தலைமையகம்தான் தீர்மானிக்கணும்." மூன்று பயணம், மூன்று நாள் கூலி. இதையெல்லாம் அறுவடைக்குப் பிறகு ஓடித் திரியாமல், உரத்துக்குப் பதிவு செய்யப் போகும் நாளிலேயே உங்கள் பெயர் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஆட்கள் யோசிக்காத இன்னொரு பொறி, கடன் தகவல் பணியகம், எல்லாரும் "கிரிப்" என்பது. மச்சானின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் பிணை நின்றிருப்பீர்கள், மச்சான் கட்டாமல் விட்டது அங்கே உங்கள் பெயரிலும் பதிவாகியிருக்கும். நெல் களஞ்சியத்தில் இருந்தாலும் வங்கி அதைப் பார்த்ததும் உங்கள் விண்ணப்பம் அதோடு நின்றுவிடலாம்.

கடன் கிடைத்தாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, காய்ந்த நெல் 5000 கிலோ, இன்று கிலோ 100 ரூபா, அதாவது 5 லட்சம். வங்கி முழுவதும் தராது, 70 சதவீதம் தருகிறது என்று வைத்தால் 3,50,000. வருட வட்டி 12 சதவீதம் என்றால் நான்கு மாதத்துக்கு 14,000. வாடகை கிலோவுக்கு மாதம் 1 ரூபா என்றால் 20,000. ஏற்றி இறக்க 10,000. எலி, தூசி, காய்ந்து குறைவது என்று ஒரு சதவீதம் போனால் இன்னும் 5,000. மொத்தம் 49,000, கிலோவுக்குப் பத்து ரூபா. ஆகவே விலை 110ஐத் தாண்டினால்தான் வைத்திருந்ததில் காசு. 105க்கு விற்றால் அறுவடை நாளிலேயே விற்றவர் உங்களைவிட நன்றாக இருக்கிறார்.

விலை ஏறுமென்ற உறுதியும் இல்லை. 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. அப்படியொரு செய்தி வந்தால், நெல்லை வைத்திருக்கிறவர் அன்றே நெஞ்சில் கை வைக்க வேண்டியதுதான். அடுத்த காலபோக அறுவடை ஜனவரியில் தொடங்க முன்பே விற்று முடியுங்கள். புது நெல் வந்த பிறகு பழைய நெல்லுக்குக் காத்திருந்து பலனில்லை.

அரசின் உத்தரவாத விலையை நம்பலாமா? 2025 காலபோகத்துக்குக் கிலோ நாடு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என்று பெப்ரவரி தொடக்கத்தில் அறிவித்தார்கள். அதற்குள் கிழக்கில் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது விற்றவருக்கு அந்த விலை வானொலிச் செய்தி மட்டும்தான். இதைவிட எரிச்சல் என்னவென்றால், ஆலைக்காரருக்கும் சேகரிப்பவருக்கும் நெல்லை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நீங்கள் அவசரத்துக்கு விற்ற நெல்லை வைத்து அவர் கடன் எடுக்கிறார்.

முன்கூட்டி விற்பது மற்ற வழி. விதைக்கும்போதே இன்ன வாங்குபவருக்கு, இத்தனை கிலோ, இன்ன விலைக்கு என்று எழுதிக்கொள்வது. மத்திய வங்கி 1999இல் வங்கியை நடுவில் வைத்து "கொவி சஹனய" என்ற பெயரில் இதைத் தொடங்கியது. விலை விழுந்தால் உங்களைக் காப்பது அந்த எழுத்து. ஆனால் விலை விழும்போது வாங்குபவர் "விலை அதிகம்" என்று சொல்ல மாட்டார், "ஈரம் அதிகம், பதர் அதிகம்" என்பார். அதனால் தரம் எத்தனை சதவீதம், யார் எங்கே அளப்பது, எத்தனை நாளுக்குள் காசு, லொறி யாருடையது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். "சந்தை விலைக்கேற்ப" என்ற சொல் எங்காவது இருந்தால் அது முன்விற்பனையே இல்லை. விலை ஏறினால் நீங்களும் வேறு ஆளுக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் அடுத்த போகத்தில் உங்களை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே விளைச்சல் முழுவதையும் எழுதிக்கொடுக்காமல், விதை, உரம், மெஷின் செலவை மூடும் அளவுக்குப் பாதியளவில் நிறுத்துங்கள்.

மாமாவுக்கு வந்த முன்விற்பனை ஒப்பந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. "வாசிச்சுக் காட்டு பிள்ளை" என்றார். ஐந்தாவது வரியில், தரத்தை வாங்குபவரே தீர்மானிப்பார் என்று இருந்தது. அவர் கையொப்பம் வைக்கவில்லை, பத்திரத்தை மடித்து அந்த இளஞ்சிவப்புத் துண்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.