சேவிங்ஸ் வட்டி: தினசரி பேலன்ஸ் கணக்கு வேற, மாசத்தோட குறைஞ்ச பேலன்ஸ் கணக்கு வேற

பேங்க் சேவிங்ஸ் அக்கவுன்ட்லயும் போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் அக்கவுன்ட்லயும் ஒரே அளவு பணத்தை ஒரே மாதிரி போட்டு எடுத்தாலும் வட்டி ஒண்ணா வராது. வட்டி விகிதம் வேறங்கறது மட்டும் காரணம் இல்ல. எந்தப் பணத்துக்கு வட்டி போடணும்னு முடிவு பண்ற முறையே ரெண்டு இடத்துலயும் வேற வேற.

முன்னாடி பேங்க்லயும் பழைய முறைதான் இருந்துச்சு. மாசம் 10ஆம் தேதியிலேருந்து கடைசி தேதி வரைக்கும் உங்க அக்கவுன்ட்ல எந்த நாள் பேலன்ஸ் ரொம்பக் குறைவா இருந்துச்சோ அந்தத் தொகைக்கு மட்டும்தான் அந்த மாச வட்டி, மத்த நாள் எவ்வளவு இருந்தாலும் கணக்குல வராது. ரிசர்வ் பேங்க் 2010 ஏப்ரல் 1லேருந்து இதை மாத்தி, தினமும் இருக்குற பேலன்ஸை வச்சுதான் வட்டி போடணும்னு பேங்குகளுக்கு உத்தரவு போட்டுச்சு. போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல மட்டும் அந்த 10ஆம் தேதி கணக்கு இன்னும் அப்படியே இருக்கு.

ஒரு மாசத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தா தெளிவாயிடும். ஏப்ரல் மாசம், 30 நாள். ரெண்டு பக்கமும் வட்டி 4 சதவீதம்னே வச்சுக்குவோம், அப்பதான் முறையால வர்ற வித்தியாசம் மட்டும் தெரியும். 1ஆம் தேதி அக்கவுன்ட்ல 5,000 ரூபா இருக்கு. 12ஆம் தேதி 60,000 வருது, பேலன்ஸ் 65,000. 28ஆம் தேதி 50,000 எடுக்குறீங்க, மீதி 15,000.

தினசரி முறையில ஒவ்வொரு நாளும் முடியும்போது இருக்குற பேலன்ஸைத்தான் பார்ப்பாங்க, காலைல போட்டு சாயங்காலமே எடுத்துட்டா அதுக்கு ஒண்ணும் கிடையாது. நம்ம கணக்குல 1லேருந்து 11 வரைக்கும் 11 நாள் 5,000, பெருக்கினா 55,000. 12லேருந்து 27 வரைக்கும் 16 நாள் 65,000, அது 10,40,000. கடைசி 3 நாள் 15,000, அது 45,000. மூணையும் கூட்டினா 11,40,000. இதை 4ஆல பெருக்கி 36,500ஆல வகுத்தா அந்த மாச வட்டி, சுமார் 125 ரூபா.

இப்ப குறைஞ்ச பேலன்ஸ் முறை. 10ஆம் தேதிக்கு அப்புறம் மாசக் கடைசி வரைக்கும் பார்த்தா 11ஆம் தேதி வெறும் 5,000தான் இருந்துச்சு, அதனால மொத்த மாசத்துக்கும் 5,000க்குத்தான் வட்டி, அது 16 ரூபா 67 பைசா. 60,000 ரூபா பதினாறு நாள் அக்கவுன்ட்ல கிடந்தும் அதுக்கு ஒரு பைசா கூட இல்ல. ரெண்டே நாள் முன்னாடி, அதாவது 10ஆம் தேதிக்குள்ள அந்தப் பணம் வந்திருந்தா குறைஞ்ச பேலன்ஸ் 15,000 ஆகி வட்டி 50 ரூபா ஆயிருக்கும். 28ஆம் தேதி எடுத்ததையும் அடுத்த மாசம் 1ஆம் தேதிக்குத் தள்ளிப் போட்டிருந்தா முழு 65,000க்கும் வட்டி, அதாவது 216 ரூபா 67 பைசா. கவனிச்சீங்களா, இதே மாதிரி 10ஆம் தேதி போட்டு மாசக் கடைசி வரைக்கும் எடுக்காம இருந்தா தினசரி முறையில வர்ற சுமார் 155 ரூபாயை விட இது அதிகம்.

நிறைய பேர் பழைய முறைன்னா எப்பவும் நஷ்டம்தான்னு நினைக்கிறாங்க, அது சரியில்ல. 1லேருந்து 9 வரைக்கும் அக்கவுன்ட் காலியா கிடந்தாலும் 10ஆம் தேதிக்குள்ள பணம் வந்து மாசம் முடியுற வரைக்கும் தொடாம இருந்தா முழு மாச வட்டியும் கிடைக்கும். பேங்க்ல பணம் இருந்த நாளுக்கு மட்டும்தான். அதனால தேதி பார்த்துப் பணம் போடுறவங்களுக்கு பழைய முறை நல்லது, தேவைக்குப் போட்டு எடுக்குறவங்களுக்கு தினசரி முறைதான் நியாயம். சம்பளமும் வீட்டுச் செலவும் ஓடுற அக்கவுன்ட்டுக்கு தினசரி முறைதான் சரின்னு நான் உறுதியா சொல்லுவேன், ஏன்னா அவசரம் தேதி பார்த்து வராது.

அந்த அவசரத்துக்கும் ஒரு கணக்கு பார்ப்போம். மாசம் பூரா 80,000 இருக்கு, 20ஆம் தேதி ஆஸ்பத்திரி அட்வான்ஸுக்கு 60,000 எடுத்து, இன்னொரு இடத்துலேருந்து பணம் வந்ததும் 21ஆம் தேதியே திரும்பப் போட்டுட்டீங்க. தினசரி முறையில 60,000க்கு ஒரு நாள் வட்டி போச்சு, அது ஆறரை ரூபா. குறைஞ்ச பேலன்ஸ் முறையில அந்த ஒரு நாள் இருந்த 20,000தான் மொத்த மாசத்துக்கும் கணக்கு, 60,000க்கு மாசம் பூரா வட்டி போச்சு, அதாவது 200 ரூபா. இதே போட்டு எடுத்ததை 5, 6 தேதியில பண்ணியிருந்தா ஒண்ணுமே குறைஞ்சிருக்காது.

போஸ்ட் ஆபீஸ்ல இன்னொண்ணும் இருக்கு. 10ஆம் தேதிலேருந்து மாசக் கடைசிக்குள்ள பேலன்ஸ் 500 ரூபாய்க்குக் கீழ போயிட்டா அந்த மாசத்துக்கு வட்டியே கிடையாது. அப்புறம் 10ஆம் தேதிக்கு மேல கையில பணம் வந்தா அவசரப்பட்டு போஸ்ட் ஆபீஸ்ல கொண்டுபோய் போட வேண்டாம், அந்த மாசம் அதுக்கு வட்டி வராது. பேங்க்லயே விட்டு வைங்க, அங்க தினமும் வட்டி ஏறிட்டு இருக்கும், அடுத்த மாசம் 10க்குள்ள மாத்தினா போதும், 10ஆம் தேதிக்குக் காத்திருந்து கோட்டை விடாம ரெண்டு நாள் முன்னாடியே போட்டுருங்க, நடுவுல லீவு வந்தா என்ன பண்றது.

பிபிஎஃப்லயும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துலயும் இதே குறைஞ்ச பேலன்ஸ் முறைதான், ஆனா அங்க தேதி 10 இல்ல, 5. 5ஆம் தேதி முடியுறதுலேருந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்குற குறைஞ்ச தொகையைத்தான் பார்ப்பாங்க. பிபிஎஃப்ல வருஷத்துக்கு போடக்கூடிய 1,50,000ஐ மொத்தமா ஏப்ரல் 5க்குள்ள போடாம 6ஆம் தேதி போட்டா ஒரு மாச வட்டி போயிடும், 7.1 சதவீதத்துக்கு அது 887 ரூபா சொச்சம். சேவிங்ஸ் அக்கவுன்ட்ல சின்னதா தெரியுற வித்தியாசம் இங்க பெருசாகுது, அதனால பிபிஎஃப் போடுறவங்க 5ஆம் தேதியை கண்டிப்பா மனசுல வச்சுக்கணும்.

உங்க வட்டி சரியா வந்திருக்கான்னு பாஸ்புக்கை வச்சே பார்க்கலாம். பேங்க்ல பெரும்பாலும் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வட்டி வரவு வைக்கிறாங்க, அதனால ஒரு மாசத்தை மட்டும் போட்டுப் பார்த்துட்டு குறையுதுன்னு பதற வேண்டாம். பேலன்ஸ் மாறின ஒவ்வொரு தேதிக்கும் அது எத்தனை நாள் நின்னுச்சுன்னு எழுதி, பெருக்கி, மூணு மாசத்தையும் கூட்டி, உங்க பேங்க் விகிதத்தால பெருக்கி 36,500ஆல வகுக்கணும், நடுவுல விகிதம் மாறியிருந்தா அந்தத் தேதியோட கணக்கை ரெண்டா பிரிச்சுக்கணும். செக் போட்டிருந்தா போட்ட தேதி இல்ல, பணம் அக்கவுன்ட்ல ஏறின தேதியை எடுங்க, வித்தியாசம் வர்றது அதிகமா இங்கதான். போஸ்ட் ஆபீஸுக்கு இது இன்னும் சுலபம், பன்னிரண்டு மாசத்தோட குறைஞ்ச பேலன்ஸையும் கூட்டி 4ஆல பெருக்கி 1,200ஆல வகுத்தா போதும், ஏன்னா அங்க வட்டி மார்ச் கடைசியில வருஷத்துக்கு ஒரே தடவை, அதுவும் முழு ரூபாயாத்தான் வரவு வைப்பாங்க, பைசா இருக்காது.