சாய்ந்த வட்டமும் தண்ணீர் லாரிக் கணக்கும்

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழிலில் ஒரு பகுதி. ஆண்டுப் பொதுக்குழு நெருங்கும் நாட்களில் சங்க உறுப்பினர்கள் கையில் ஒரு தாளுடன் அலுவலகத்துக்கு வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், சென்னைப் புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவர் கொண்டுவந்தது அவருடைய சங்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரவு செலவு அறிக்கை. மொத்தச் செலவு 28,80,000 ரூபாய் என்று ஒரே ஒரு எண் இருந்தது. அதன் கீழே ஆறு நிறத்தில் ஒரு வட்ட விளக்கப்படம் இருந்தது. எந்தத் துண்டிலும் சதவீதமும் இல்லை, தொகையும் இல்லை.

ஆசிரியர் படத்தை அச்செடுத்து, பேரனின் கோணமானியை வைத்து ஆறு துண்டுகளையும் அளந்திருந்தார். வழி சரியானதுதான். ஒரு தொகையைக் கொடுத்து, அதற்குரிய மையக்கோணம் எவ்வளவு என்று பள்ளியில் கேட்பார்கள். இங்கே அதையே திருப்பிப் போட வேண்டும். முழு வட்டம் 360 பாகை. அது 28,80,000 ரூபாயைக் குறிக்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 8,000 ரூபாய். சதவீதம் வேண்டுமென்றால் கோணத்தை 3.6ஆல் வகுத்தால் போதும். தண்ணீர் லாரித் துண்டு அவருடைய கோணமானியில் 99 பாகை காட்டியது. அதாவது 27.5 சதவீதம், 7,92,000 ரூபாய்.

"போன வருடம் தண்ணீருக்கு ஐந்து லட்சத்து அறுபதாயிரம்தான் ஆனது, அம்மா. ஒரே வருடத்தில் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் எப்படிக் கூடும்? ஆறு கோணங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டேன், சரியாக 360 வருகிறது" என்றார். கூட்டத்தில் செயலாளரைக் கேள்வி கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.

நான் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை, காவலாளிகளைப் பற்றி. காவல் ஒப்பந்தம் மாதம் 72,000 ரூபாய் என்பது அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்த நகலை அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 8,64,000 ரூபாய். அதற்கு 108 பாகை இருக்க வேண்டும். ஆசிரியரின் தாளில் காவலுக்கு எதிரே 101.5 என்று இருந்தது. அதன்படி 8,12,000 ரூபாய். ஒப்பந்தப்படி கட்டாயம் கொடுத்தாக வேண்டிய தொகையைவிட 52,000 ரூபாய் குறைவு. அரைப் பாகை வரை துல்லியமாக அளந்தவருக்குக் கைப்பிழையால் ஆறரைப் பாகை தவறாது. அப்படியானால் ஒன்று, வட்டம் குறிக்கும் மொத்தம் 28,80,000 இல்லை. அல்லது அந்த வட்டம் வட்டமே இல்லை.

கூட்டல் 360 வந்ததை அவர் சான்றாக நினைத்தார். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை எப்படி அளந்தாலும் கூட்டினால் 360தான் வரும். படம் நசுங்கியிருந்தாலும் அது மாறாது. ஒரு துண்டை விட்டுவிட்டோமா, எண்ணைத் தவறாக எழுதினோமா என்பதை மட்டுமே அந்தக் கூட்டல் காட்டும். ரசீதோ ஒப்பந்தமோ வைத்து வேறு வழியில் தொகை தெரிந்த ஒரு துண்டுதான் உண்மையான சோதனை. அப்படி ஒரு துண்டாவது கிடைக்காமல் நான் எந்தப் படத்தையும் தொகையாக மாற்றுவதில்லை.

படத்தைக் கணினியில் திறந்தோம். முப்பரிமாணமாகத் தெரிய வேண்டும் என்று யாரோ அதைத் தட்டுபோல் பின்னால் சாய்த்திருந்தார்கள். பெயிண்ட் போன்ற எளிய செயலியில் சுட்டியை நகர்த்தினால், அது இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல், மேல் ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் என்று கீழே காட்டும். வட்டத்தின் இடது விளிம்பு 80, வலது விளிம்பு 560. அகலம் 480 பிக்சல். மேல் விளிம்பு 60, கீழ் விளிம்பு 360. உயரம் 300தான். கீழ் விளிம்பை எடுக்கும்போது கவனம் வேண்டும். முன்பக்கம் அடர்நிறத்தில் தெரியும் தட்டின் கனத்தைச் சேர்க்கக் கூடாது. மேல்முகம் முடியும் இடத்தைத்தான் எடுக்க வேண்டும். 480ஐ 300ஆல் வகுத்தால் 1.6. செங்குத்து அளவுகளையெல்லாம் 1.6 மடங்கு நீட்டினால் நசுங்கிய வட்டம் மீண்டும் வட்டமாகும்.

இப்படி நசுங்கும்போது என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். முன்னாலும் பின்னாலும் இருக்கும் துண்டுகள் விரிந்து தெரியும்; இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் இருப்பவை ஒடுங்கும். இதே 1.6 விகிதத்தில், உண்மையில் 90 பாகையுள்ள ஒரு துண்டு நேர் முன்னால் இருந்தால் 116 பாகையாகத் தெரியும். அதே துண்டு பக்கவாட்டில் இருந்தால் 64 பாகைதான். தொகை ஒன்றுதான், அது வைக்கப்பட்ட இடம்தான் வேறு. தண்ணீர் லாரித் துண்டு நேர் முன்னால் இருந்தது. போதாக்குறைக்குத் தட்டின் கனமும் அதன் நிறத்திலேயே கீழே தொங்கியது. கோணமானி வைக்காமல் வெறும் கண்ணால் பார்ப்பவருக்கும் அது பெரிதாகத்தான் தெரியும்.

ஆறு துண்டுகளின் எல்லைக் கோடுகளும் விளிம்பைத் தொடும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டோம். மையத்துக்கு அருகே புள்ளி எடுத்தால் ஒரு பிக்சல் தவறினாலும் கோணம் வெகுவாக மாறிவிடும். விளிம்பில் அந்தத் தவறு சிறுத்துப்போகும். மையம், விளிம்புகளின் நடுப்புள்ளி: இடமிருந்து 320, மேலிருந்து 210. விரிதாளில் A பத்தியில் இடமிருந்து வரும் எண்ணையும், B பத்தியில் மேலிருந்து வரும் எண்ணையும் போட்டு, C2 கட்டத்தில் இதை எழுதினேன்:

```
=MOD(DEGREES(ATAN2((210-B2)*1.6, A2-320)), 360)
```

கடிகாரத்தின் 12 மணி நிலையிலிருந்து வலச்சுற்றாக அந்தக் கோடு எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை இது தரும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் வித்தியாசமே துண்டின் கோணம். கடைசித் துண்டுக்கு மட்டும் 360இலிருந்து கழிக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குகிறார்கள். எக்செலின் ATAN2 கிடைமட்ட எண்ணை முதலில் கேட்கிறது. நாம் 12 மணியிலிருந்து வலச்சுற்றாக எண்ணுவதால்தான் அந்த முதல் இடத்தில் செங்குத்து எண்ணைப் போட்டிருக்கிறேன். பைத்தான் போன்ற மொழிகளில் வரிசை தலைகீழ். மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. கோணங்கள் வேறு இடத்திலிருந்து, இடச்சுற்றாக எண்ணப்படும். 12 மணிக்கு நேராக உள்ள ஒரு புள்ளியைக் கொடுத்துப் பூஜ்யம் வருகிறதா, 3 மணிக்கு நேரான புள்ளிக்கு 90 வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

காவல் துண்டு 12 மணியில் தொடங்கி, (548, 256) என்ற புள்ளியில் முடிந்தது. வாய்பாடு தந்தது 107.9 பாகை. தொகை 8,63,200 ரூபாய். ஒப்பந்தத் தொகை 8,64,000. சோதனைத் துண்டு பொருந்திவிட்டது. மொத்தத் தொகையின் மீதிருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

பிறகுதான் தண்ணீர். அதன் எல்லைகள் (461, 331), (179, 331). கிடைத்த கோணம் 72 பாகை, இருபது சதவீதம், 5,76,000 ரூபாய். போன ஆண்டைவிடப் பதினாறாயிரம்தான் கூடுதல். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மற்றவற்றையும் போடுங்கள்" என்றார்.

மின்சாரம் கோணமானியில் 41 பாகைக்குள் இருந்தது. உண்மையில் 54 பாகை, 4,32,000 ரூபாய். துப்புரவு 36 பாகை, 2,88,000 ரூபாய். பக்கவாட்டில் ஒடுங்கிக் கிடந்த லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பு 67 பாகையாகத் தெரிந்தது. நீட்டிய பிறகு 75 ஆனது. 6,00,000 ரூபாய். பின்னால் இருந்த 'இதர செலவுகள்' மட்டும் 23இலிருந்து 15ஆகச் சுருங்கி, 1,20,000 ரூபாயில் நின்றது.

இந்தத் தொகைகளை எவ்வளவு நம்பலாம்? விளிம்புப் புள்ளியை ஒரு பிக்சல் தள்ளி எடுத்தால் இந்தப் படத்தில் அரைப் பாகைக்குள் பிசகும். ஒரு துண்டுக்கு இரண்டு கோடுகள் என்பதால் ஒரு பாகை, அதாவது எட்டாயிரம் ரூபாய் வரை முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன். துண்டு பெரிதோ சிறிதோ, இந்த எட்டாயிரம் மாறுவதில்லை. காவலுக்கு அது ஒரு சதவீதம்கூட இல்லை. இதர செலவுகளுக்கோ பதினைந்தில் ஒரு பங்கு. ஆகவே மெல்லிய கீற்றுபோன்ற துண்டைத் தொகையாக்கிக் கடைசி ரூபாய் வரை எழுதி, அதை வைத்து ஒருவர் மீது குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆசிரியரின் தாளில் ஒவ்வொரு தொகையையும் பத்தாயிரத்துக்கு முழுமையாக்கி, "சுமார்" என்று முன்னால் எழுதிக் கொடுத்தேன்.

எல்லாப் படங்களையும் இப்படி மீட்டுவிட முடியாது. சில படங்களில் சாய்வோடு தொலைவுத் தோற்றமும் சேர்ந்திருக்கும். முன்பாதி பெரிதாகவும் பின்பாதி சிறிதாகவும் வரையப்பட்டிருக்கும். துண்டுகள் சந்திக்கும் புள்ளி, மேல் கீழ் விளிம்புகளின் நடுவில் இல்லாமல் மேலே ஏறி இருந்தால் அது அந்த வகை. ஒரே விகிதத்தால் நீட்டுவது அதற்குப் போதாது. அங்கே நான் அளப்பதை நிறுத்திவிட்டு, எண் பட்டியலைக் கேட்கச் சொல்லிவிடுவேன். வெளியே இழுத்து வைக்கப்பட்ட துண்டுக்கு அதன் சொந்த முனையையே மையமாகக் கொள்ள வேண்டும். தட்டையான படமாக இருந்தாலும் அகலத்தையும் உயரத்தையும் அளந்துவிடுங்கள். ஆவணத்துக்குள் ஒட்டும்போது பக்கவாட்டில் இழுத்து நீட்டிவிடுகிறார்கள், பார்த்தால் தெரியாது.

ஆசிரியர் பொதுக்குழுவில் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்புக்குச் சுமார் ஆறு லட்சம் என்று படம் சொல்கிறது, அதன் ஒப்பந்தத்தையும் டீசல் ரசீதுகளையும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். செயலாளர் மறுநாளே பேரேட்டின் நகலை அனுப்பிவைத்தார். அதில் இருந்த தொகை 6,03,450 ரூபாய்.