"ஐ.பி.ஓ-வில் வாங்கினேன்" என்றவரின் கான்ட்ராக்ட் நோட்டில் இருந்த 47 ரான்டு

டர்பனில் பங்குத் தரகு வேலையில் இருப்பவர்களுக்கு 2024 நவம்பர் மறக்காது. பாக்ஸர் கடை ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையான ஜே.எஸ்.இ-க்கு வருகிறது, முதல் முறையாகப் பங்கை வெளியாருக்கு விற்கும் ஐ.பி.ஓ நடக்கிறது என்று செய்தி வந்ததுமே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. குவாசூலு-நட்டாலில் அந்தக் கடையில் அரிசி மூட்டை வாங்காத வீடு குறைவு, அதனால் பங்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள்கூட "தம்பி, எனக்குக் கொஞ்சம் போட்டு வை" என்றார்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஒரு அங்கிள், பட்டியலாகிச் சில நாள் கழித்து, பங்கு வாங்கியதற்கு ரசீது மாதிரி வரும் தன் கான்ட்ராக்ட் நோட்டை அச்செடுத்துக்கொண்டு வந்தார். வேறொரு ஆன்லைன் கணக்கு வழியாக அவரே வாங்கியது. "ஐ.பி.ஓ விலை 54 ரான்டுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், எங்கிட்ட 63 வாங்கியிருக்கான், இது என்ன அநியாயம்?" என்று மேசையில் போட்டார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 300 பங்கு, விலை 6300 (ஜே.எஸ்.இ-யில் விலை சென்ட்டில் வரும், இதைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய), மொத்தம் 18,900 ரான்டு. அதற்குக் கீழே தரகுக் கட்டணத்தோடு, எஸ்.டி.டி 47.25.

நான் அந்த 47.25-இல் விரலை வைத்தேன். "அங்கிள், நீங்கள் ஐ.பி.ஓ-வில் வாங்கவில்லை. இந்த வரிதான் சாட்சி."

எஸ்.டி.டி என்பது பங்கு கைமாறும்போது கட்டும் 0.25 சதவீத வரி. ஒரு கம்பெனி புதிதாகப் பங்கை வெளியிட்டு உங்களுக்குக் கொடுத்தால் அங்கே கைமாறுதல் என்பதே இல்லை, பங்கு அப்போதுதான் பிறக்கிறது, அதனால் அந்த வரியும் கிடையாது. வரி போட்டிருக்கிறார்கள் என்றால் யாரோ ஒருவரிடம் ஏற்கெனவே இருந்த பங்கை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். முதல் விற்பனை நடக்கும் முதன்மைச் சந்தை, பிறகு கைமாறும் இரண்டாம் நிலைச் சந்தை என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுவது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

சரி, 54-க்கு வாங்கியது யார்? இங்கேதான் நம் ஊர் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். "பப்ளிக்" என்ற சொல் பெயரில் இருப்பதால் எல்லோருக்கும் வாசல் திறந்திருக்கும் என்று நினைக்கிறோம். தென்னாப்பிரிக்கக் கம்பெனிச் சட்டப்படி பொதுமக்களிடம் பங்கு விற்க வந்தால், கம்பெனியின் விவரங்களைச் சொல்லும் ப்ராஸ்பெக்டஸ் தயாரித்து, அதைக் கம்பெனிப் பதிவகத்தில் பதிவு செய்து, அதோடுதான் வர வேண்டும். ஆனால் அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கிறது: பங்கு வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், ஒரே ஆளாகப் பத்து லட்சம் ரான்டுக்குக் குறையாமல் வாங்குகிறவர்களுக்கும் மட்டும் விற்றால், அது பொதுமக்களுக்கான விற்பனையாகவே கணக்கில் வராது. ஜே.எஸ்.இ-க்கு வரும் பெரிய கம்பெனிகளில் பல இந்த வழியாகத்தான் வருகின்றன, பாக்ஸரும் அப்படித்தான் வந்தது. அப்போது ப்ராஸ்பெக்டஸ் இருக்காது, ஜே.எஸ்.இ ஒப்புதல் கொடுத்த ப்ரீ-லிஸ்டிங் ஸ்டேட்மென்ட் இருக்கும். கணக்குகள், ஆபத்துகள், திரட்டும் பணம் எங்கே போகிறது என்பதெல்லாம் அதிலும் உண்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்கலாம் என்பதால் வாங்கலாம் என்று அர்த்தமில்லை, அதுதான் விஷயம்.

அறிக்கை வந்த பிறகு நடப்பது புக்பில்ட். ஒரு விலை வரம்பைச் சொல்வார்கள், பாக்ஸருக்கு 42 முதல் 54 ரான்டு. ஓய்வூதிய நிதிகளும் யூனிட் டிரஸ்ட்காரர்களும் இந்த விலைக்கு இத்தனை வேண்டும் என்று வங்கிகளிடம் சொல்ல, வங்கிகள் அதையெல்லாம் ஒரு புத்தகத்தில் சேர்த்து, எந்த விலையில் எல்லாம் விற்றுப்போகும் என்று பார்ப்பார்கள். புத்தகம் நிரம்பி வழிந்தது, விலை வரம்பின் உச்சியான 54-இல் நின்றது, திரட்டியது சுமார் 850 கோடி ரான்டு. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட அளவு கிடைக்காது. ஆக, பட்டியலாகும் காலையிலேயே, போதவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிதிகள் சந்தையில் வாங்கக் காத்திருந்தன.

அந்தக் காலை, நவம்பர் 28, வியாழக்கிழமை. ஜே.எஸ்.இ-யில் எட்டரையிலிருந்து ஒன்பது வரை தொடக்க ஏலம், அதில் வாங்குபவர் விலையும் விற்பவர் விலையும் மோதித் தொடக்க விலை பிறக்கும். 54 என்ற எண்ணுக்கு அந்த ஏலத்தில் எந்த அதிகாரமும் இல்லை. விலை அறுபதைத் தாண்டித்தான் ஓடியது. அங்கிள் மார்க்கெட் ஆர்டர் போட்டிருக்கிறார், அதாவது என்ன விலையானாலும் கொடு என்று. முதல் நாளில் அதை மட்டும் செய்யவே கூடாது என்று வாய் வலிக்கச் சொல்கிறேன். லிமிட் ஆர்டர் போட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று ஒரு எண்ணை எழுதிவிட்டால், மிஞ்சிப்போனால் பங்கு கிடைக்காது, அவ்வளவுதான்.

"அப்போ நான் கூடக் கொடுத்த 9 ரான்டு பாக்ஸருக்குப் போச்சா?" என்றார். நல்ல கேள்வி. 300 பங்குக்கு 2,700 ரான்டு. அதில் ஒரு சென்ட்கூட பாக்ஸருக்குப் போகவில்லை, 54-க்கு ஒதுக்கீடு வாங்கி அன்றே விற்ற யாரோ ஒருவரின் லாபம் அது. 9 மட்டுமல்ல, மொத்த 18,900-மே அந்த விற்றவருக்குத்தான். செவ்வாய்க்கிழமை, அதாவது மூன்று வேலை நாள் கழித்து, பணம் அங்கே போய்ப் பங்கு இங்கே வந்தது.

முதன்மைச் சந்தையில் கொடுக்கும் பணமாவது முழுக்கக் கம்பெனியின் வளர்ச்சிக்குப் போகிறதா என்றால், அதுவும் நிச்சயமில்லை. பாக்ஸரின் தாய்க் கம்பெனி பிக் என் பே கடனில் தவித்துக்கொண்டிருந்தது, அந்த 850 கோடி அதன் நிலைமையைச் சீராக்கத்தான் திரட்டப்பட்டது. பட்டியலான பிறகும் சுமார் 65 சதவீதப் பங்கு அவர்களிடமே. 2003 மார்ச்சில் தொலைபேசிக் கம்பெனியான டெல்காம் வந்தபோது விற்றது அரசாங்கம், விற்ற பணம் போனதும் அரசாங்கத்துக்கு. அது உண்மையிலேயே பொதுமக்களுக்கான விற்பனை, விலை 28 ரான்டு, நிறவெறிக் காலத்தில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு, அதில் நம்மவர்களும் சேர்த்தி, தள்ளுபடி விலையில். என் அம்மா படிவம் நிரப்பி வாங்கினார், அதனால்தான் எங்கள் வீட்டில் இன்னும் "ஐ.பி.ஓ-ன்னா ஃபார்ம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

அந்த ஃபார்ம் நினைப்புதான் இப்போது ஆபத்தாகிறது. அதே அங்கிளுக்குப் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: விரைவில் பட்டியலாகப் போகும் ஒரு கம்பெனியின் "ஐ.பி.ஓ ஒதுக்கீடு", குறைந்தது 5,000 ரான்டு, இன்று மாலைக்குள் ஒரு தனிநபர் வங்கிக் கணக்கில் போடணும். ஒரு பத்து நிமிடம் சேர்ந்து பார்த்தோம். ஜே.எஸ்.இ-யின் செய்தி அறிவிப்புச் சேவையான சென்ஸில் கம்பெனி பெயரில் எதுவும் இல்லை, ஜே.எஸ்.இ-க்கு வரப்போகிற கம்பெனி சென்ஸில் சொல்லாமல் வராது. பொதுமக்களுக்கு 5,000 ரான்டுக்கு விற்கிறான் என்றால் பதிவான ப்ராஸ்பெக்டஸ் இருந்தே ஆக வேண்டும், கேட்டால் "பிறகு அனுப்புகிறேன்" என்றான். நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.எஸ்.சி.ஏ-வின் பதிவேட்டில் அவன் கொடுத்த உரிம எண்ணைத் தேடினால் வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. போதாதா?

அங்கிள் அவனை பிளாக் செய்துவிட்டு, கான்ட்ராக்ட் நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "அந்த 47 ரான்டு யாருக்கு?" என்றார். அரசின் வரித் துறையான சார்ஸுக்கு என்றேன். "அவன் மட்டும் ரெண்டு சந்தையிலயும் நஷ்டப்படமாட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒன்றில் அவன் வாங்குவதே இல்லை அங்கிள் என்று நான் சொன்னது காதில் விழவில்லை.